தாளில் கீறிய பாதமும் பெட்டியில் எழுதிய நம்பரும்

“அக்கா, பொடியன்ர காலை ஒரு தாளில வைச்சுக் கீறிப் படம் எடுத்து அனுப்பு. சனிக்கிழமை கடைக்குப் போறன்.” ஸ்காபரோவில் இருந்து தம்பி இப்படிச் சொன்னதும் தருமபுரத்தில் அக்கா கொப்பியில் ஓர் ஒற்றையைக் கிழிக்கிறார். பையனை அதன் மேல் நிற்க வைத்து, குமிழ்முனைப் பேனையால் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுகிறார். போனில் படம் எடுக்கிறார், அனுப்புகிறார். வெளிநாட்டில் உறவுகள் உள்ள வன்னி வீடுகளில் இது பழகிப்போன வேலை. ஆனால் சப்பாத்து வந்து சேர்ந்து, காலுக்குக் கொள்ளாவிட்டால் கதை முடிந்தது. கிளிநொச்சிச் சந்தையில் வாங்கியிருந்தால் அடுத்த நாளே மாற்றலாம். ஸ்காபரோக் கடைக்கு யார் கொண்டுபோவது?

பிழை எங்கே நடக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் “கம்பனிக்கு கம்பனி சைஸ் வேற” என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே, அந்தப் படத்துக்குள்ளேயே ஒன்றிரண்டு நம்பர் தொலைந்திருக்கும். ஒரு படத்தில் வடிவம் இருக்கிறது, நீளம் இல்லை. பதினைந்து சென்ரிமீற்றர்ப் பாதமும் இருபத்தைந்து சென்ரிமீற்றர்ப் பாதமும் போன் திரையில் ஒரே அளவாகத் தெரியலாம். நீளத்தைச் சொல்லக்கூடிய சாட்சி அந்தப் படத்தில் ஒன்றே ஒன்றுதான்: பாதத்துக்குக் கீழே கிடக்கும் தாள்.

அதனால் அந்தத் தாள் எதுவென்பது முக்கியம். கொப்பி ஒற்றை உதவாது. கொப்பிகளின் அளவு ஒன்றுக்கொன்று மாறும், கிழித்த ஓரமும் நேராக இராது. கச்சேரிக்கும் கிராம அலுவலருக்கும் கடிதம் எழுதும் நீளமான ஃபுல்ஸ்கேப் தாளும் நம்பத்தக்கதல்ல. போட்டோப் பிரதிக் கடையில் ஓர் ஏ4 தாள் வாங்குவதே நல்லது. அது உலகம் முழுவதும் 297 மில்லிமீற்றர் நீளம், 210 மில்லிமீற்றர் அகலம்.

உலகம் முழுவதும் என்றேன். கனடா, அமெரிக்கா போன்ற சில நாடுகளைத் தவிர. அங்கே வீட்டிலும் அலுவலகத்திலும் புழங்குவது லெட்டர் தாள். அதன் நீளம் 279.4 மில்லிமீற்றர், அகலம் 215.9. தருமபுரத்து ஏ4 தாளைப் பார்த்த ஸ்காபரோத் தம்பி அதைத் தன் மேசையில் கிடக்கும் தாள் என்றே எடுத்துக்கொள்வார். அப்படி எடுத்தால் 232 மில்லிமீற்றர்ப் பாதம் 218 ஆகச் சுருங்கிவிடும். பதினான்கு மில்லிமீற்றர் என்பது ஐரோப்பிய அளவில் இரண்டு நம்பர். லண்டனிலோ சூரிச்சிலோ உள்ள உறவுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அங்கும் ஏ4தான். சந்தேகம் வந்தால் படத்திலேயே சோதிக்கலாம். நேர் மேலிருந்து எடுத்த படம் என்றால் தாளின் நீளத்தை அகலத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். 1.41 வந்தால் ஏ4. 1.29 வந்தால் லெட்டர்.

நேர் மேலிருந்து எடுத்த படம் என்றால் மட்டும். அங்கேதான் அடுத்த சிக்கல். படம் எடுப்பவர் நின்றபடி, போனைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தே எடுப்பார். அப்போது கிட்ட உள்ள தாளின் ஓரம் நீளமாகவும் தூர உள்ள ஓரம் குட்டையாகவும் விழும். ஓர் உதாரணம் எடுப்போம். படத்தில் கிட்ட உள்ள ஓரம் 1500 புள்ளி, தூர உள்ள ஓரம் 1250 புள்ளி. போன் ஏறக்குறைய 25 பாகை சரிந்தால் இப்படி வரும். பார்ப்பவருக்கு இது பெரிய சரிவாகவே தெரியாது.

இந்தப் படத்தில் ஒரு வயதுத் தங்கையின் பாதமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவளுடைய கோட்டின் உண்மை நீளம் 120 மில்லிமீற்றர். தாளின் மொத்த நீளத்தில் கோடு எத்தனை பங்கு என்று படத்தில் அளந்து, அதை 297 ஆல் பெருக்குவதுதான் எல்லோரும் செய்யும் கணக்கு. பாதத்தைத் தாளின் கிட்டப் பக்கமாகக் கீறியிருந்தால் விடை 131 என்று வரும். அதே பாதத்தைத் தூரப் பக்கமாகக் கீறியிருந்தால் 108 அல்லது 109. பாதம் ஒன்று, தாள் ஒன்று, படம் ஒன்று. கீறிய இடம் மாறியதால் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம். தாள் முழுக்க நீண்டு கிடக்கும் அண்ணனின் பெரிய பாதத்தில் இதே சரிவு சில மில்லிமீற்றர்தான் பிழை தருகிறது. கூடிய பக்கமும் குறைந்த பக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. ஆகவே சின்னப் பிள்ளைகளின் காலை அளக்கும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். நாமோ சின்னக் கால்தானே என்று தாளின் ஒரு மூலையில் கீறிவிடுகிறோம்.

இதைவிட மோசமான கணக்கு ஒன்றும் உண்டு. கிட்ட உள்ள அகல ஓரத்தை அளந்து, “1500 புள்ளி 210 மில்லிமீற்றர்” என்று வைத்துக்கொண்டு, அதே அளவுகோலால் பாதத்தின் நீளத்தை அளப்பது. சரிந்த படத்தில் அகலமும் நீளமும் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. மேற்சொன்ன படத்தில் அப்படி அளந்தால் அண்ணனின் 232 மில்லிமீற்றர் 193 ஆகிவிடும். சப்பாத்து தங்கைக்கும் பெரிது, அண்ணனுக்கும் சிறிது என்று வந்து நிற்கும்.

சரிந்த படத்தை நிமிர்த்தலாம். தட்டையான தாளை எந்தக் கோணத்தில் இருந்து படம் எடுத்தாலும், தாளின் ஒவ்வொரு புள்ளியும் படத்தில் எங்கே விழும் என்பதை எட்டு எண்கள் தீர்மானிக்கின்றன. ஒரு மூலைக்கு நெடுக்கு ஒன்று, கிடை ஒன்று என இரண்டு எண்கள். நான்கு மூலைகளுக்கு எட்டு. அதனால்தான் நான்கு மூலைகளும் படத்தில் தெரிந்தால் போதும், முழுத் தாளையும் சரியான நீள்சதுரமாக மீட்டெடுக்கலாம். ஆவணங்களைப் படம் எடுக்கும் ஸ்கேன் செயலிகள் செய்வது இந்த வேலையைத்தான். ஒரு மூலை சேலைத் தலைப்புக்குக் கீழே மறைந்தாலோ, அனுப்பும்போது வெட்டுப்பட்டாலோ செயலி அந்த மூலையை ஊகித்துக்கொள்ளும், ஊகித்ததை நமக்குச் சொல்லாது. நிமிர்த்திய தாளின் நீள அகல விகிதம் 1.41 க்குக் கிட்ட இல்லாவிட்டால் ஏதோ பிழைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. எல்லாம் ஒரே விகிதத்தில்தான் சுருங்கும். பயப்பட வேண்டியது, படத்தை வடிவாக்குகிறேன் என்று ஓரங்களை வெட்டும் கையைத்தான்.

இன்னொன்று, காலைத் தாளில் வைத்தபடியே படம் எடுத்து அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். நிமிர்த்தும் கணக்கு தாளின் தளத்துக்கு மட்டுமே பொருந்தும். பாதமோ தாளுக்கு மேலே எழும்பி நிற்கிறது. போன் அறுபது சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், தாளில் இருந்து இரண்டு சென்ரிமீற்றர் எழும்பிய பெருவிரலின் மேற்பகுதி உண்மையைவிட நூற்றுக்கு மூன்றளவு பெரிதாகத் தெரியும். காலை எடுத்துவிட்டு வெறும் கோட்டைப் படம் எடுக்க வேண்டும். சிவப்புச் சீமெந்து நிலம் என்றால் நல்லது, வெள்ளைத் தாளின் ஓரம் துலக்கமாகத் தெரியும். தாள் சுருளாமல் நான்கு பக்கமும் படிந்து கிடக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக நடந்து, நிமிர்த்திய படத்தில் பையனின் கோடு 237 மில்லிமீற்றர் என்று வந்துவிட்டது. இது பாதத்தின் நீளம் அல்ல. கோட்டின் நீளம்.

பேனையை நிமிர்த்திப் பிடித்தால் அதன் உடல்தான் குதியைத் தொடும், முனை அல்ல. முனை பேனையின் அரைத் தடிப்பளவு தள்ளி நின்று கோடு போடும். குதியில் இரண்டு மூன்று மில்லிமீற்றர், விரல் நுனியில் அதேயளவு, ஆக மொத்தம் ஏறக்குறைய ஐந்து மில்லிமீற்றர் கூடிவிடும். பேனையை உட்பக்கமாகச் சரித்தால் இதற்கு எதிர்மாறு. குதி நிலத்தில் ஒடுங்கி, மேலே சற்றுப் புடைத்திருப்பது. சரிந்த முனை அந்தப் புடைப்புக்குக் கீழே நுழைந்து, உண்மையான பாதத்தைவிடச் சிறிய பாதத்தைக் கீறிவிடும். கோட்டைப் பார்த்தே இதைப் பிடிக்கலாம். பாதத்தின் உட்பக்க வளைவில் கோடு ஆழமாக உள்ளே போயிருந்தால் பேனை சரிந்திருக்கிறது.

இந்தத் தலையிடி இல்லாத வழி ஒன்று இருக்கிறது. தாளின் குறுகிய ஓரத்தைச் சுவரோடு ஒட்டி வைத்து, பிள்ளை குதி சுவரில் முட்ட நிற்க வேண்டும். இரண்டு காலிலும் பாரம் சமமாக இருக்க வேண்டும். நிற்கும்போது பாதம் சற்று நீளும், அகலும், அதனால் கதிரையில் இருந்து கீறிய அளவு குறைவாக வரும். பிறகு மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பென்சில் குறி. அது பெருவிரலாகவே இருக்க வேண்டும் என்றில்லை, சிலருக்கு இரண்டாம் விரல் நீளம். இப்போது பாதத்தின் நீளம் தாளின் ஓரத்துக்கும் குறிக்கும் இடையிலான தூரம். இரண்டு காலையும் அளந்து பெரிய காலை எடுக்க வேண்டும். பின்னேரத்தில் அளப்பது நல்லது. வயலிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் நாள் முழுக்க நின்ற கால் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும்.

வீட்டில் அடிமட்டம் இருக்கிறதே, அளந்து எண்ணை எழுதி அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். போதும், ஆனால் பிளாஸ்ரிக் அடிமட்டத்தின் முனைக்கும் பூச்சியக் கோட்டுக்கும் இடையில் சில மில்லிமீற்றர் வெறுமையாக இருக்கும். முனையில் இருந்து அளப்பவர்களின் கணக்கு அவ்வளவுக்குக் குறையும். எண்ணைத் தாளிலேயே எழுதி, அடிமட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் அங்கே உள்ளவர் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்வார். அடிமட்டம் இல்லாவிட்டால் வங்கி அட்டையும் உதவும். எந்த வங்கியுடையதாக இருந்தாலும் அதன் நீளம் 85.6 மில்லிமீற்றர். இலக்கங்கள் தெரியாதபடி வெள்ளைத் தாளால் முகத்தை மூடி, நான்கு ஓரங்களும் மட்டும் தெரியும்படி வைக்க வேண்டும். குடும்பத்துக்குள்தான் என்றாலும் வங்கி அட்டையின் இலக்கம் படத்தில் ஊர் சுற்றக் கூடாது.

சரி, 237 இல் பேனையின் ஐந்தைக் கழித்தால் பையனின் பாதம் 232 மில்லிமீற்றர். இதை நம்பராக்க வேண்டும். இங்கேதான் மூன்றாவது நீளம் வருகிறது. ஐரோப்பிய நம்பரும் இங்கிலாந்து நம்பரும் காலை அளப்பவையல்ல. சப்பாத்தைத் தைக்கும்போது உள்ளே வைக்கும் கால் அச்சை அளப்பவை. அச்சு பாதத்தைவிட நீளமானது, ஏனென்றால் நடக்கும்போது விரல்கள் முன்னே போவதற்கு இடம் வேண்டும். வளரும் பிள்ளைக்குக் காலுறையும் சேர்த்து 15 மில்லிமீற்றர் விடலாம். ஆக அச்சு 247.

ஐரோப்பிய நம்பர் ஒன்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு சென்ரிமீற்றர், அதாவது 6.67 மில்லிமீற்றர். அச்சின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து ஒன்றரையால் பெருக்கினால் நம்பர் வந்துவிடும். 24.7 ஐ 1.5 ஆல் பெருக்க 37. பேனையின் தடிப்பைக் கழிக்க மறந்திருந்தால் 38 வந்திருக்கும். விரலுக்கு இடம் விட மறந்து பாதத்தையே பெருக்கியிருந்தால் 35. இந்தப் பிழைகளில் இரண்டாவதுதான் கொடியது. 38 ஐ அடுத்த வருடம் போடலாம், 35 ஐத் தங்கைக்கு எடுத்து வைக்க வேண்டியதுதான்.

இங்கிலாந்து நம்பருக்குப் பழைய கதை உண்டு. ஒரு பார்லி மணியின் நீளம், அதாவது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, 8.47 மில்லிமீற்றர், ஒரு நம்பர். நாலு அங்குலத்தில் பூச்சியம் தொடங்கி, 13 வரை எண்ணிவிட்டு, மறுபடியும் 1 இல் இருந்து எண்ணுகிறார்கள். எனவே “நாலாம் நம்பர்” என்று மட்டும் சொன்னால் அது தவழும் குழந்தையின் சப்பாத்தாகவும் இருக்கலாம், தரம் எட்டுப் பையனுடையதாகவும் இருக்கலாம். பெரியவர் கணக்கில் அச்சின் நீளத்தை அங்குலமாக்கி, மூன்றால் பெருக்கி, 25 ஐக் கழிக்க வேண்டும். 247 மில்லிமீற்றர் என்பது 9.72 அங்குலம். மூன்றால் பெருக்க 29.2, அதில் 25 போக 4.2. நம்மூர்க் கடையில் “நாலு” என்று கேட்டால் கிடைப்பது இதுதான். ஸ்காபரோவில் ஆண் பிள்ளைகளின் அமெரிக்க நம்பர் இதைவிட ஏறக்குறைய ஒன்று கூட, ஆகவே 5. அங்கேயே பெண்களின் அடுக்கில் பார்த்தால் அதே நீளம் ஆறரை ஆகிவிடும். அக்கா “நாலு” என்று போனில் சொல்ல, தம்பி அமெரிக்க நாலை வாங்கி அனுப்பினால் ஒரு நம்பர் குட்டை.

இந்தக் குழப்பத்தில் இருந்து தப்ப, நம்பரை விட்டுவிட்டு மில்லிமீற்றரையே அனுப்பலாம். மொண்டோபொயின்ற் என்னும் முறை அதற்கென்றே வந்தது. ஐ.எஸ்.ஓ 9407 என்பது அதன் தரக் குறியீடு. இராணுவச் சப்பாத்துகளிலும் பனிச்சறுக்குச் சப்பாத்துகளிலும் அது நிலைத்துவிட்டது. விளையாட்டுச் சப்பாத்துகளின் நாக்கில் உள்ள சிட்டையில் சென்ரிமீற்றர் என்று ஒரு வரி இருக்கும், சீனத்துச் சப்பாத்துகளில் 235 என்பது போல மூன்று இலக்கம் இருக்கும். இந்த எண்கள் அச்சின் நீளமல்ல, அதைப் போடக்கூடிய பாதத்தின் நீளம். ஆகவே இங்கே பதினைந்தைக் கூட்டக் கூடாது. 232 பாதத்துக்கு 23.5 அல்லது 235 ஐப் போட்டுப் பார்க்கலாம், வளர்வதற்கு இடம் வேண்டுமென்றால் 240.

நீளத்தோடு வேலை முடியாது. ரப்பர் செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். கிறிஸ்தியான் தாவுட் என்ற பெல்ஜிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தென்னிந்தியாவில் வாழ்நாள் முழுதும் வெறுங்காலோடு நடந்தவர்களை, சப்பாத்துப் போட்ட இந்தியர்களோடும் ஐரோப்பியர்களோடும் ஒப்பிட்டு 2009 இல் வெளியிட்ட ஆய்வில் வெறுங்காலர்களின் முன்பாதம் அகலமாக இருந்தது தெரிந்தது. ஐரோப்பியர்களின் பாதம் நீளத்துக்கு ஒடுக்கம். மேற்கத்தைய அச்சில் செய்த சப்பாத்து நம் பிள்ளைக்கு நீளம் சரியாக இருந்தும் சின்னவிரலைக் கடிப்பதன் காரணம் இதுதான். நம்மவர்கள் உடனே ஒரு நம்பர் பெரிதாக வாங்குகிறார்கள். அப்போது அகலம் கொஞ்சம் கூடுகிறது, குதி கழன்று அடிக்கிறது, சப்பாத்து மடியும் இடமும் விரல் மடியும் இடமும் ஒன்றுக்கொன்று விலகிப்போகின்றன. அகல அச்சில் செய்ததைத் தேடுவதே மேல்.

அமெரிக்காவில் சார்ள்ஸ் பிரானக் 1920களில் செய்த அளவுக் கருவி இதைத் தெரிந்தே செய்யப்பட்டது. கடைகளில் காலை வைத்து அளக்கும் அந்த உலோகத் தட்டு, குதியில் இருந்து விரல் நுனி வரை ஒரு நீளமும், குதியில் இருந்து பெருவிரலின் அடி மூட்டு வரை இன்னொரு நீளமும், அகலமும் தனித்தனியே காட்டும். நம் தாளில் கோடு போட்டதும் பெருவிரல் அடி மூட்டும் சின்னவிரல் அடி மூட்டும் வரும் இடங்களில் இரண்டு குறி போட்டுவிட்டால் இந்த மூன்றும் கிடைத்துவிடும். பாதத்தின் உயரம் மட்டும் தாளில் ஏறாது. தையற்காரரின் அளவு நாடாவை அந்த இரண்டு மூட்டையும் சுற்றிப் பிடித்து, சுற்றளவைத் தாளின் ஓரத்தில் எழுத வேண்டும்.

ஸ்காபரோத் தம்பி செய்யக்கூடிய நம்பகமான சோதனை ஒன்றுண்டு. நிமிர்த்திய படத்தை உண்மை அளவில் அச்சடித்து, தடித்த அட்டையில் ஒட்டி, கோட்டுக்குச் சற்று உட்புறமாக வெட்டிக் கடைக்குக் கொண்டுபோவது. சப்பாத்தின் உள்ளட்டையை வெளியே எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தால் முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது, பக்கங்களில் எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். ஒன்று கவனிக்க வேண்டும். அச்சுப்பொறி ஏ4 படத்தைத் தன் லெட்டர் தாளுக்குள் அடக்கச் சுருக்கிவிடும். நூற்றுக்கு நூறு என்று தெரிவுசெய்து அச்சடித்து, பிறகு அடிமட்டத்தால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

போரில் காலை இழந்தவர்கள் வாழும் வன்னியில் இந்தத் தாள் போதாத இடமும் இருக்கிறது. செயற்கைக் கால் போட்டவருக்குச் சப்பாத்து வாங்குகையில் நல்ல காலைக் கீறிய கோடு பாதி விபரம்தான். செயற்கைப் பாதத்தின் அளவு பெரும்பாலும் அதன் அடியிலோ பக்கத்திலோ சென்ரிமீற்றரில் குறித்திருக்கும், அதையும் எழுத வேண்டும். அதைவிட முக்கியமானது சப்பாத்தின் குதி உயரம். அந்தப் பாதத்தைப் பொருத்தியவர் குறிப்பிட்ட ஒரு குதி உயரத்துக்கே காலின் சரிவைச் சீராக்கியிருப்பார். புதிய சப்பாத்தின் குதி ஒரு சென்ரிமீற்றர் உயர்ந்தாலே முழங்கால் முன்னே தள்ளும், தாழ்ந்தால் பின்னே இழுக்கும். நீளமும் அகலமும் அப்படியே பொருந்தியும் நடக்க முடியாமல் போவது இதனால்தான். இப்போது போடும் சப்பாத்தைப் பக்கவாட்டில் வைத்து, அடிமட்டத்தை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படமும் தாளோடு சேர்ந்து போக வேண்டும்.

பையனிடம் திரும்பினால் இன்னும் ஒரு கணக்கு மிச்சம். அந்த வயதில் பாதம் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். ஊருக்கு வரும் ஒருவரின் பையில் சப்பாத்து அடுத்த கிழமையே வருவதென்றால் 37 சரி. கப்பல் பெட்டியில் போட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து வருவதென்றால் வந்து சேரும்போதே இரண்டு மூன்று மில்லிமீற்றர் போய்விட்டிருக்கும். அதற்கு 38 எடுத்து, முதல் மாதங்களுக்கு ஒரு மெல்லிய உள்ளட்டையும் பெட்டிக்குள் போட்டுவிடலாம். தாளில் அளந்த திகதியை எழுதி வைத்தால்தான் இந்தக் கணக்கைப் போட முடியும்.